“ஏழு சதவீதம்கூட இல்லை” என்ற லீஸின் உண்மையான வட்டி

கேள்வி: அச்சகத்துக்கு ஒரு மெஷின் லீஸில் எடுக்கப் போகிறேன். விலை 10 லட்சம். மாதம் 28,000 வீதம் 36 தவணை, முதல் தவணை கையெழுத்துப் போடும் அன்றே. முடிவில் 2 லட்சம் கட்டினால் மெஷின் எனக்குச் சொந்தம், வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். டெபாசிட் 1 லட்சம், கடைசியில் வட்டியில்லாமல் திரும்பி வரும். ப்ராசசிங் ஃபீஸ் 10,000. “கணக்குப் போட்டால் வட்டி 7 சதவீதம்கூட இல்லை” என்கிறார் லீஸ் கம்பெனிக்காரர். வங்கியில் 12.5 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும். மொத்தமாகப் பணம் கட்டினால் 9,60,000-க்கே தருவதாக மெஷின் விற்பவர் சொல்கிறார். 7 எங்கே, 12.5 எங்கே? லீஸையே எடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த 7 எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 36 தவணை 10,08,000, கடைசி 2 லட்சத்தையும் சேர்த்தால் 12,08,000. மெஷின் விலை போக 2,08,000 கூடுதல். இதை மூன்று ஆண்டுக்குப் பிரித்து 10 லட்சத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 6.93 சதவீதம். கணக்கில் பொய் இல்லை. ஆனால் மூன்று வருடமும் 10 லட்சம் முழுதாக உங்களிடமே இருப்பதுபோலப் போட்ட கணக்கு இது. நீங்கள் முதல் நாளே 28,000 திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள், அடுத்த மாதம் இன்னொரு 28,000, இப்படியே பாக்கி இறங்கி இறங்கிக் கடைசியில் 2 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. குறைந்துகொண்டே போகும் பாக்கிக்குத்தான் வட்டி பார்க்க வேண்டும், வங்கி சொல்லும் 12.5 அப்படிப் பார்த்ததுதான். ஃபிளாட் வட்டியையும் குறையும் பாக்கி மீதான வட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எப்போதும் ஃபிளாட்தான் மலிவாகத் தெரியும்.

கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் ஒரு குத்துமதிப்பு போட்டுவிடலாம். முதல் தவணை போனதும் பாக்கி 9,72,000, கடைசியில் 2,00,000. இரண்டுக்கும் நடுவே சராசரி 5,86,000. ஆண்டுக்கு வட்டியாகப் போவது 2,08,000-ல் மூன்றில் ஒன்று, அதாவது 69,333. இதை அந்தச் சராசரியால் வகுத்தால் 11.8 சதவீதம். ஆரம்பத் தவணைகளில் வட்டி அதிகமாகவும் அசல் குறைவாகவும் கழிவதால் உண்மையான சராசரிப் பாக்கி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதனால் உண்மை விகிதம் 11.8-க்குச் சற்றே கீழே வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்க்க இது போதும். 7 என்று சொன்னவரிடம் இந்தச் சீட்டைக் காட்டினால் பேச்சு உடனே “எளிய நடைமுறை, வேகமான அனுமதி” பக்கம் திரும்பிவிடும், பாருங்கள்.

இப்போது சரியான கணக்கு. லீஸ் ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் பெரும்பாலும் எழுதியிருக்காது, ஆனால் அது எங்கும் போய்விடவில்லை. விலை, தவணை, கடைசி மதிப்பு மூன்றும் தெரிந்தால் அவற்றுக்குள்ளேயே அது பதுங்கியிருக்கிறது. வரப்போகும் எல்லாத் தவணைகளையும் கடைசி 2 லட்சத்தையும் ஏதோ ஒரு விகிதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். எந்த விகிதத்தில் கழித்தால் கூட்டுத்தொகை சரியாக 10 லட்சம் வருகிறதோ அதுதான் ஒளிந்திருக்கும் வட்டி. நேராக விடை தரும் சூத்திரம் இதற்குக் கிடையாது. ஒரு விகிதத்தை ஊகித்துப் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட வேண்டும். கணினியும் உள்ளே இதையேதான் செய்கிறது.

மாதம் 1 சதவீதம் என்று ஆரம்பிப்போம்:

```
28000 × 1.01 × (1 − 1.01^−36) / 0.01 + 200000 / 1.01^36
= 851440 + 139785 = 991225
```

நடுவில் இருக்கும் அந்த 1.01 பெருக்கல்தான் “முதல் தவணை இன்றே” என்பதன் கணக்கு. ஒவ்வொரு தவணையும் ஒரு மாதம் முன்னாலேயே போவதால் ஒவ்வொன்றின் இன்றைய மதிப்பும் ஒரு மாத வட்டி அளவுக்குக் கூடும். தவணை மாதக் கடைசியில் என்றால் இந்தப் பெருக்கலை விட்டுவிடலாம்.

வந்தது 9,91,225. வர வேண்டிய 10 லட்சத்தைவிடக் குறைவு. விகிதம் ஏறினால் இன்றைய மதிப்பு இறங்கும் என்பதால் நாம் எடுத்தது அதிகம் என்று அர்த்தம். 0.9 சதவீதத்துக்கு இறக்கினால் 10,10,316 வருகிறது, இது அதிகம். ஆக விடை இரண்டுக்கும் நடுவில். 0.1 சதவீதம் மாறினால் மதிப்பு 19,091 மாறுகிறது, நமக்கு இறங்க வேண்டியது 10,316, அது ஏறக்குறைய நூற்றில் 54 பங்கு. அப்படியென்றால் மாதம் 0.954 சதவீதம், 12-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 11.45. நம் துண்டுச் சீட்டு 11.8 என்றது, பரவாயில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு நோட்டில் இரண்டு மாதம் எழுதிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட அன்று பாக்கி 9,72,000. ஒரு மாத வட்டி 0.954 சதவீதம், 9,273. ஒரு மாதம் கழித்துக் கட்டும் 28,000-ல் வட்டி போக அசலுக்குப் போவது 18,727. பாக்கி 9,53,273. அடுத்த மாதம் வட்டி 9,094, பாக்கி 9,34,367. இப்படியே போய், கடைசித் தவணையும் கட்டி, அதற்கடுத்த மாத வட்டியும் ஏறிய பிறகு பாக்கி 2 லட்சத்தை ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் விகிதம் சரி. 7 சதவீதத்தை வைத்து இதே நோட்டை எழுதினால் பாக்கி 2 லட்சத்துக்கு வெகு கீழே போய்விடும். அந்த வித்தியாசம் யார் பைக்குப் போகிறது என்று லீஸ்காரரிடமே கேட்கலாம்.

ஒவ்வொரு முறையும் கையால் போட வேண்டியதில்லை, எக்செல் போன்ற எந்த விரிதாளிலும் ஒரே வரி:

```
=RATE(36,-28000,1000000,-200000,1)*12
```

வரிசையாக: தவணைகளின் எண்ணிக்கை, தவணை, விலை, கடைசி மதிப்பு, முதல் தவணை இன்றே என்றால் 1. உங்கள் கைக்கு வருவது கூட்டல், உங்களிடமிருந்து போவது கழித்தல். எல்லோரும் தடுக்கி விழுவது இந்தக் குறிகளில்தான். எல்லாவற்றையும் கூட்டலாகப் போட்டால் #NUM! என்று வந்து நிற்கும், அது பரவாயில்லை, தப்பு என்றாவது தெரிகிறது. 2 லட்சத்தின் முன்னால் மட்டும் கழித்தல் குறி விடுபட்டால் விடை மைனஸில் வரும். கடைசி மதிப்பை அடியோடு மறந்துவிட்டால் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக ஒரு வட்டி காட்டும், மோசமானது இதுதான், ஏனென்றால் விடை பார்க்க விடை மாதிரியே இருக்கும். “36 தவணையும் கட்டினால் விலையைவிட 8,000 மட்டும்தான் கூடுதல்” என்று யாராவது சொன்னால் அவர் செய்வதும் இதே மறதிதான், அவர் தெரிந்தே மறக்கிறார்.

சரி, 11.45 என்றால் வங்கியின் 12.5-ஐவிட லீஸ் மலிவுதானே? இன்னும் முடியவில்லை. டெபாசிட்டும் ஃபீஸும் கணக்குக்குள் வரவே இல்லை.

டெபாசிட் திரும்பி வருமே, அது செலவு இல்லையே என்று தோன்றும். திரும்பி வருவது உண்மைதான், மூன்று வருடம் கழித்து, அதுவும் வட்டி இல்லாமல். லீஸ்காரர் உங்களுக்கு 10 லட்சத்துக்கு மெஷின் கொடுத்துவிட்டு அன்றே 1 லட்சத்தையும் 10,000-ஐயும் திரும்ப வாங்கிக்கொள்கிறார் என்றால், அவர் உண்மையில் உங்களுக்குக் கொடுத்த கடன் 8,90,000 தான். தவணை மட்டும் 10 லட்சத்துக்குரிய தவணையாகவே இருக்கிறது. மறுமுனையில் டெபாசிட் கழித்துக்கொள்ளப்படுவதால் கடைசியில் நீங்கள் கட்டுவது 1 லட்சம். சூத்திரத்தில் இரண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும்:

```
=RATE(36,-28000,890000,-100000,1)*12
```

14.36 சதவீதம். 11.45-லிருந்து இங்கே வந்ததில் 10,000 ஃபீஸின் பங்கு கொஞ்சம்தான், பெரும்பங்கு அந்த “திரும்பி வரும்” டெபாசிட்டுடையது. லீஸ் பேசும்போது எல்லோரும் ஃபீஸைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவார்கள், டெபாசிட்டைத் தொடமாட்டார்கள். மாற்றிச் செய்யுங்கள்.

அடுத்து, நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன 9,60,000. என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான எண் அதுதான். இந்த முழுக் கணக்கும் “விலை” என்று எதைப் போடுகிறோம் என்பதன் மேல் நிற்கிறது. விலைப்பட்டியலில் இருப்பதையோ லீஸ் தாளில் இருப்பதையோ போடக்கூடாது, இன்றே முழுப் பணத்தையும் வைத்தால் அதே மெஷினுக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்களோ அதைப் போட வேண்டும். வங்கிக் கடன் வாங்கினால் நீங்கள் விற்பவரிடம் முழுப் பணத்தோடுதான் போய் நிற்பீர்கள், 9,60,000-க்கே கிடைக்கும். லீஸில் போனால் அந்த 40,000 தள்ளுபடி உங்களுக்கு இல்லை. அது லீஸ்காரருக்குப் போகிறதா, விற்பவரே வைத்துக்கொள்கிறாரா என்பது அவர்களுக்குள் விஷயம். உங்களைப் பொறுத்தவரை அதுவும் வட்டிதான், பெயர் மட்டும் வேறு. 8,90,000 இருந்த இடத்தில் 8,50,000 போடுங்கள்: 17.55 சதவீதம்.

7 என்று தொடங்கியது 17.5-க்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு எண்ணைக்கூட நாம் மாற்றவில்லை. இன்னொரு சின்ன எச்சரிக்கை: மாத விகிதத்தை 12-ஆல் பெருக்கியே ஆண்டு விகிதம் சொல்லிவருகிறேன், மாதத் தவணைக் கடன்களுக்கு வங்கிகள் பொதுவாகச் சொல்லும் முறையும் அதுதான். சிலர் வட்டிக்கு வட்டி சேர்த்த ஆண்டு விகிதம் சொல்வார்கள், அப்படிப் பார்த்தால் இதே லீஸ் 19 சதவீதம். எந்த முறையானாலும் சரி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே முறையாக இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்கும் கட்டணங்கள் இருந்தால் அவற்றையும் இதே மாதிரி கடன் தொகையில் கழித்துவிட்டுப் பாருங்கள், அதற்கு மட்டும் சலுகை காட்ட வேண்டாம். வரிக் கணக்கை நான் தொடவில்லை, அது இடத்துக்கு இடம் மாறும், உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு “லீஸ் வேண்டாம், வங்கிக்குப் போங்கள்” என்று முடித்திருப்பேன். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது, அது படத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது.

மெஷினை 2 லட்சம் கொடுத்து வாங்கப் போகிறீர்கள் என்றால் கடைசி மதிப்பு 2 லட்சம், சந்தேகமே இல்லை. திருப்பிக் கொடுத்தால்? அப்போது எதுவும் கட்டவில்லையே, பூஜ்யம் போடலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. கடன் வாங்கி மெஷின் வாங்கியவர் கையில் மூன்று வருடம் கழித்து ஒரு பழைய மெஷின் இருக்கும், அதை விற்றால் காசு வரும். திருப்பிக் கொடுப்பவர் அந்தக் காசை விட்டுக்கொடுக்கிறார், ஆக அவருக்கான கடைசி மதிப்பு அன்றைய சந்தையில் அந்தப் பழைய மெஷின் என்ன விலை போகுமோ அதுதான்.

அன்றைக்கு அது 3 லட்சம் போகிறது என்று வையுங்கள். 2 லட்சம் கொடுத்து வாங்கிக்கொள்வீர்கள், விகிதம் அதே 17.5. (யோசிக்காமல் திருப்பிக் கொடுத்தால் 22 சதவீதத்துக்கு ஏறிவிடும், அதைச் செய்யாதீர்கள்.) ஆனால் புது மாடல் வந்து இந்தப் பழையதை 1 லட்சத்துக்குத்தான் கேட்கிறார்கள் என்றால்? 2 லட்சம் கொடுத்து வாங்க மாட்டீர்கள், திருப்பிக் கொடுத்துவிட்டு டெபாசிட்டை வாங்கிக்கொள்வீர்கள். விட்டுக்கொடுத்த மெஷின் 1 லட்சம், கைக்கு வந்த டெபாசிட் 1 லட்சம், சரிக்குச் சரி, கடைசி மதிப்பு பூஜ்யம்:

```
=RATE(36,-28000,850000,0,1)*12
```

12.1 சதவீதம். வங்கியைவிடக் குறைவு! அதே ஒப்பந்தம், அதே தவணை, மெஷினின் பழைய விலை மட்டும் மாறியது. 12.5-க்குச் சமமாகும் புள்ளி எது என்று போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 1,06,000. பழைய மெஷின் அதற்குக் கீழே போகும் என்றால் லீஸ் லாபம், மேலே என்றால் வங்கி லாபம். 17.5-க்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொள்வது உங்கள் 2 லட்ச உரிமை. விலை சரிந்தால் அந்தச் சரிவு லீஸ்காரர் தலையில். கூடுதல் வட்டியில் ஒரு பகுதி இந்தப் பாதுகாப்புக்கான கூலி என்றுகூடச் சொல்லலாம்.

கடைசியில் மெஷின் என்ன விலை போகும் என்று லீஸ்காரரும் ஒரு எண்ணை மனதில் வைத்துத்தான் தவணை போட்டிருக்கிறார், ஆனால் அதைச் சொல்ல மாட்டார். பன்னாட்டுக் கணக்கியல் விதியான ஐ.எஃப்.ஆர்.எஸ். 16-இலும் இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்: லீஸுக்குள் இருக்கும் விகிதத்தை எளிதாகக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அதே போன்ற கடனுக்குத் தனக்கு என்ன வட்டி ஆகுமோ அதையே எடுத்தவர் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். அது ஏட்டுக் கணக்குக்குச் சரி. முடிவெடுக்க உங்களுக்கு அந்தப் பழைய விலை வேண்டும். பழைய மெஷின் வாங்கி விற்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம், இதே வகையில் மூன்று வருடம் ஓடிய மெஷினை இன்று எவ்வளவுக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்காதீர்கள், அது வேறு எண்.

கூடவே ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுப்பது பற்றிய பகுதியை வரி விடாமல் படியுங்கள். ஏற்றி அனுப்பும் செலவு யாருடையது, “நல்ல நிலையில்” என்றால் யார் கண்ணுக்கு, எத்தனை நாள் முன்னால் எழுதித் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்க மறந்தால் லீஸ் தானாக நீளுமா. 37-வது, 38-வது தவணை ஓடத் தொடங்கினால் 12.1 என்ற கதை அங்கேயே முடிந்தது. அனுப்பவும் சரிசெய்யவும் 30,000 ஆகும் என்று தெரிந்தால் அதைக் கடைசி மதிப்பில் சேர்த்துப் போடுங்கள், அதாவது பூஜ்யத்துக்குப் பதில் -30000.

பேரம் பேசக் கையில் ஒரு எண் வேண்டும் என்றால், மெஷினைக் கடைசியில் வாங்கியே தீருவேன் என்று வைத்துக்கொண்டு தலைகீழாகப் போடுங்கள்:

```
=PMT(0.125/12,36,850000,-100000,1)
```

25,862 வரும், போகும் பணம் என்பதால் மைனஸில். டெபாசிட், ஃபீஸ் எல்லாம் அப்படியே இருக்க, தவணை அந்த அளவுக்கு இறங்கினால்தான் லீஸ் வங்கிக்குச் சமம். இப்போது அவர் கேட்பது மாதம் 2,138 அதிகம், 36 மாதத்துக்கு 77,000-ஐத் தொடுகிறது. தவணையைக் குறைக்க மாட்டேன் என்றால் டெபாசிட்டை விடச் சொல்லுங்கள், அல்லது 9,60,000 என்ற விலையிலேயே லீஸ் போடச் சொல்லுங்கள். எதை ஒத்துக்கொண்டாலும் 8,50,000 போட்டுப் பார்த்த அந்த RATE சூத்திரத்தில் அதனால் மாறும் எண்களை மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.